ஹட்ல 14 ஐட்டம், படகு நடுக்கடல்ல நிக்குது: எதைத் தூக்குறது?

ராயபுரம் ரெண்டு பேர் | 17.04.2025, இரவு 10.12

நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து மீன்பிடி படகு கேம் ஒண்ணு பண்றோம். போனைப் படுக்க வெச்சு ரெண்டு கையால ஆடுறது. காசிமேட்டுலேர்ந்து கிளம்பணும், வலை போடணும், ஐஸ் கரையறதுக்குள்ள மீனோட திரும்பணும். இதுவரைக்கும் ஆடின பத்து பேர்ல ஏழு பேருக்கு டீசல் தீர்ந்து படகு நடுக்கடல்ல நின்னுடுச்சு. கேட்டா, "டீசல் எங்க காட்டுச்சு? பாக்கவே இல்லையே"ங்கறாங்க.

ஹட்ல, அதாவது ஆடறப்ப திரை மேல தெரியற தகவல் எல்லாம் சேர்த்து, இப்ப 14 ஐட்டம் மிதக்குது: டீசல், ஐஸ், மீன் எடை, வலை, வேகம், காத்து, காம்பஸ், மினிமேப், நேரம், காசு, லெவல், கடை, தினசரி பரிசு, செட்டிங்ஸ். ஜாய்ஸ்டிக்கும் வலை பட்டனும் தனி. கூட்டம் ஜாஸ்தி, அதான் கண்ணுல படல, பாதியைத் தூக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். எந்தப் பாதின்னு மட்டும் சொல்லுங்க.

கல்மண்டபம் | 17.04.2025, இரவு 10.40

எதையும் தூக்காதே. டீசல் எந்த மூலையில இருக்கு, அதை முதல்ல சொல்லு.

ராயபுரம் ரெண்டு பேர் | 17.04.2025, இரவு 10.43

இடது கீழ் மூலை அக்கா. ஜாய்ஸ்டிக்குக்குக் கீழ, ஒரு சொட்டுப் படம், பக்கத்துல பட்டை.

கல்மண்டபம் | 17.04.2025, இரவு 11.25

அப்ப அது உன் கட்டைவிரலுக்கு அடியில இருக்கு தம்பி. உன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியுதுன்னா, நீ அதைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சே. கம்ப்யூட்டர் மேல யாரும் கட்டைவிரல் வெக்கறதில்ல.

இந்த வேலையில ஒன்பது வருஷம் இருந்துட்டேன், அதுல கத்துக்கிட்டது இது. "பாக்கல"ங்கற ஒரே பதிலுக்குள்ள மூணு வேற வேற கோளாறு இருக்கும். கை மறைச்சிருக்கலாம். கண்ணுல பட்டும் அது டீசல்னு புரியாம இருந்திருக்கலாம். தெரிஞ்சும் புரிஞ்சும், வலையை இழுக்கற அவசரத்துல கண்ணு அந்தப் பக்கம் போகாம இருந்திருக்கலாம். மூணுக்கும் ஆடுறவன் சொல்ற பதில் ஒண்ணுதான். ஐட்டத்தைக் குறைச்சா மூணாவதுதான் கொஞ்சம் தணியும், முதல் ரெண்டும் அப்படியே இருக்கும்.

நான் முன்னாடி இருந்த கம்பெனியில (பேர் வேணாம்) ஒரு கார் ரேஸ் கேமுக்கு ஒரு மாசம் முழுக்க ஐட்டம் தூக்கினோம். தினம் மீட்டிங். கடைசியில ஆபீஸ் வாசல் டீக்கடைப் பையன் ஆடறதைப் பக்கவாட்டுல நின்னு பாத்தேன். நைட்ரோ பட்டை மொத்தமும் அவன் வலது கட்டைவிரலுக்கு அடியில. ஒரு மாசச் சம்பளம் வாங்கின ஆறு பேர் கண்டுபிடிக்காததை ஒரு டீ நேரத்துல பாத்துட்டேன். அதுக்காக என்னைப் பாராட்டிக்கல, அந்த ஆறு பேர்ல நானும் ஒருத்தி.

மணலி புதுநகர் | 18.04.2025, காலை 7.50

இதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு? யூனிட்டியில சேஃப் ஏரியான்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ஹட்டை வெச்சா எந்த மூலையும் மறையாது. நான் எல்லா ஆப்லயும் இதைத்தான் போடறேன்.

```
Rect s = Screen.safeArea;
panel.anchorMin = new Vector2(s.xMin / Screen.width, s.yMin / Screen.height);
panel.anchorMax = new Vector2(s.xMax / Screen.width, s.yMax / Screen.height);
```

கல்மண்டபம் | 18.04.2025, காலை 8.15

போடு, கண்டிப்பா போடு. ஆனா அது கேமரா ஓட்டை, வளைஞ்ச மூலை, அடியில இருக்கற ஹோம் கோடு இதுங்களை மட்டும்தான் சொல்லும். கட்டைவிரல் எங்க இருக்குன்னு போனுக்குத் தெரியாது. விரல் நுனி கண்ணாடியைத் தொட்ட புள்ளி தெரியும். அந்த நுனிக்குப் பின்னாடி மிதக்கற மிச்ச விரலும் உள்ளங்கை மேடும் தெரியாது, மறைக்கறதோ அதுங்கதான்.

இன்னொண்ணு. படுக்க வெச்ச போனை அந்தப் பக்கம் திருப்பிப் பிடிச்சா கேமரா ஓட்டை இடதுலேர்ந்து வலதுக்கு மாறும். உன் கோடு ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை ஓடினா, திருப்பினப்புறம் தப்பான பக்கம் இடம் விட்டுட்டு நிக்கும்.

மணலி புதுநகர் | 18.04.2025, காலை 8.22

திருப்பற விஷயம் யோசிக்கல. சரி.

ராயபுரம் ரெண்டு பேர் | 19.04.2025, மாலை 6.30

அக்கா, திட்டாதீங்க. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே என் ஃப்ரெண்டு ஏழு ஐட்டத்தைத் தூக்கிட்டான். அதை வெச்சு நேத்து சித்தி பசங்க ஆறு பேர்கிட்ட குடுத்தோம். நாலு பேருக்கு டீசல் தீர்ந்துடுச்சு. "இப்பதான் நல்லா இருக்கு, சுத்தமா இருக்கு"ன்னும் அந்த நாலு பேரே சொன்னாங்க.

கல்மண்டபம் | 19.04.2025, மாலை 6.41

சுத்தமா இருக்கு, சுத்தமா தீர்ந்தும் போச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, காசிமேட்டுக்கு மீன் வாங்க வர்றேன். போனோட வா. தடைக்காலம், லாஞ்ச் எல்லாம் கரையிலதான் நிக்கும். வலை பின்னிக்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்குப் பொழுது போகணும். நமக்கு ஆள் வேணும்.

கல்மண்டபம் | 20.04.2025, இரவு 9.05

போய்ட்டு வந்தாச்சு. தூக்கின ஏழையும் திருப்பி வெச்ச பழைய 14 ஐட்டம் கேம்தான் குடுத்தோம். இல்லன்னா எது காரணம்னு பிரிச்சுப் பாக்க முடியாது.

கையில எடுத்துட்டுப் போனது ஓஹெச்பி ஷீட் நாலு, ஸ்கெட்ச் பேனா ஒண்ணு. ஜெராக்ஸ் கடையில பைண்டிங்குக்கு முன்னாடி ஒரு கண்ணாடித் தாள் வெப்பாங்களே, அதேதான். போன் மேல தாளை வெச்சு ஓரத்துல டேப் ஒட்டினா தொடுதிரை அப்படியே வேலை செய்யும். ஆளை ரெண்டு நிமிஷம் ஆடவிடணும். வலை இழுக்கற உச்சக்கட்டத்துல "அப்படியே நில்லு"ன்னு சொல்லி, ரெண்டு கட்டைவிரலையும் சுத்தி வரையணும். எட்டு பேருக்கு வரைஞ்சேன். அப்புறம் தாளை ஹட் படத்து மேல வெச்சுப் பாத்தா கோர்ட்டுக்குப் போற சாட்சி மாதிரி இருக்கு.

ராயபுரத்தோட போன் ஆறரை இன்ச். படுக்க வெச்சா 150 மில்லிமீட்டர் அகலம், 68 உயரம் வரும். ஒவ்வொரு பக்கமும் விரல் மறைச்சது ஓரத்துலேர்ந்து 40 மில்லிமீட்டர் உள்ள, அடியிலேர்ந்து 35 மில்லிமீட்டர் மேல. முழுக் கட்டம் இல்ல, மேல் பக்கம் சரிஞ்சு போகும். ஆனாலும் ரெண்டு பக்கமும் சேர்த்தா திரையில கிட்டத்தட்ட கால்வாசி போச்சு. விரல் பக்கத்து ஓரத்துலேர்ந்து உள்ள நீளுது, அதனால நுனிக்கு மேலயும் உள்பக்கமும் நல்லாத் தெரியும். நுனிக்குக் கீழயும் வெளிப்பக்கமும்தான் சுத்தமாப் போகும். டீசல் பட்டை சரியா அங்கதான் படுத்திருக்கு.

பெரிய கம்பெனிங்களுக்கும் இது தெரியும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கம்ப்யூட்டர்ல ஆடினா மினிமேப் வலது கீழ் மூலை. அதையே வைல்ட் ரிஃப்டுன்னு போனுக்குக் கொண்டுவந்தப்ப மேப்பை இடது மேல் மூலைக்குத் தூக்கிட்டாங்க. கீழ் மூலை ரெண்டும் விரலுக்குன்னு எழுதிக் குடுத்தாச்சு.

அடுத்த சோதனை: டீசல் தீர்ந்த உடனே திரையைக் கையால மூடி, "கடைசியா எவ்ளோ இருந்துச்சு?"ன்னு கேட்டேன். எட்டுல ஒருத்தர் மட்டும் சொன்னார். அதே திரையைப் படமா எடுத்து, கை இல்லாம தரையில வெச்சு "டீசல் எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். ஆறு பேர் சரியாத் தொட்டாங்க. கை இருந்தா ஒண்ணு, கை இல்லன்னா ஆறு. முடிஞ்சது கதை. கட்டைவிரல்தான் குற்றவாளி. பட்டையை மேல தூக்கு.

வஞ்சிரம் கிலோ கேட்ட விலைக்கு வாங்காம வந்துட்டேன், அது வேற கதை.

வியாசை 10ஆம் நம்பர் | 21.04.2025, காலை 9.30

எனக்கும் இதே பிரச்சனைதான் மூலையில. டெம்பர் கிளாஸ் ஒட்டினதுலேர்ந்து ஓரம் தொட்டா வேலை செய்யல. மின்ட்ல 80 ரூபாய்க்கு ஒட்டினது. ஃபுட்பால் கேம்ல கார்னர் கிக் பட்டன் மூணு தடவை அடிச்சாத்தான் போகுது. என்ன கிளாஸ் போடலாம்?

கல்மண்டபம் | 21.04.2025, காலை 9.48

நாங்க பேசறது தெரியாத மூலை, உங்களோடது தொட முடியாத மூலை. கிளாஸைக் கழட்டிட்டு ஆடிப் பாருங்க. சரியாச்சுன்னா ஓரத்துல பசை தூக்கியிருக்குன்னு அர்த்தம். கழட்டியும் அதேன்னா பட்டன்தான் சின்னது. ஆண்ட்ராய்டு கணக்குல தொடற இடம் 48 டிபி இருக்கணும், அதாவது ஏழரை மில்லிமீட்டர். ஸ்கேல் வெச்சுப் பாக்கலாம்.

வியாசை 10ஆம் நம்பர் | 21.04.2025, இரவு 8.10

கழட்டிட்டேன். இப்ப ரெண்டு தடவை அடிச்சாப் போகுது. ஸ்கேல்ல அஞ்சு மில்லிமீட்டர்தான் வருது. ரெண்டும் குத்தம் போல.

ராயபுரம் ரெண்டு பேர் | 25.04.2025, இரவு 11.50

பட்டையை இடது மேல் மூலைக்குக் கொண்டுபோய்ட்டோம். புதுசா எட்டு பேர். அஞ்சு பேருக்கு டீசல் தீர்ந்துடுச்சு. முன்னாடிக்கு இது கொஞ்சம் பரவாயில்லதான். ஆனா முடிஞ்சது கதைன்னீங்களே?

கல்மண்டபம் | 26.04.2025, காலை 6.20

ராத்திரி தூக்கம் வரல. வாபஸ் வாங்கறேன்.

நான் கேட்ட கேள்வியே தப்பு. "டீசல் எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். டீசல்ங்கற வார்த்தையை நானே வாயில போட்டுட்டேன். இருக்கற 14ல எது டீசலா இருக்க முடியும்னு யோசிச்சுத் தொட்டிருக்காங்க. அது கண்டுபிடிக்கறது, படிக்கறது இல்ல. கடல்ல யாரும் வந்து "டீசல் எங்க?"ன்னு கேக்கப் போறதில்ல. நான் கேட்டிருக்க வேண்டியது, சொட்டுப் படத்தைக் காட்டி "இது இன்னா?"

இன்னிக்குப் போய்க் கேக்கறேன். பழைய எட்டு பேர் வேணாம், அவங்களுக்கு விடை தெரிஞ்சுபோச்சு.

கல்மண்டபம் | 26.04.2025, மதியம் 2.15

புது எட்டு பேர். கேம் ஆடவிடல, படங்களை மட்டும் ஒவ்வொண்ணாக் காகிதத்துல காட்டினேன். கேள்வி ரெண்டே ரெண்டு: இது இன்னா? இதைத் தொட்டா இன்னா ஆவும்?

சொட்டு: அஞ்சு பேர் தண்ணி. ஒருத்தர் மழை வருமாம். டீசல்னு சொன்னது ரெண்டு பேர். நியாயம்தானே? சொட்டுன்னா தண்ணி. கடல்ல பத்து நாள் நிக்கற லாஞ்சுக்குக் குடிதண்ணி ஒரு பெரிய கணக்கு, "குடிதண்ணி தீருது போல, அதுக்கென்ன கரைக்குப் போனா ரொப்பிக்கலாம்"னு விட்டுட்டாங்க. பாத்திருக்காங்க, படிச்சிருக்காங்க, தப்பாப் படிச்சிருக்காங்க.

ஐஸ்: வெள்ளையா ஒரு சதுரக் கட்டி. தாயக்கட்டைன்னு ரெண்டு பேர், சக்கரைக்கட்டின்னு ஒருத்தர். இங்க ஐஸ் வர்றது நீளப் பாறையா, அப்புறம் மெஷின்ல உடைச்சுப் பொடியா. சதுரக்கட்டி ஜூஸ் கிளாஸ்ல மிதக்கற ஐஸ்.

நங்கூரம்: இதுதான் உச்சம். ராயபுரம் இதைக் கடைக்கு வெச்சிருக்கான், துறைமுகக் கடைன்னு யோசிச்சு. எட்டுக்கு எட்டும் "நங்கூரம் போடறது"ன்னாங்க. ஒரு பெரியவர் கேமை வாங்கி, காத்து ஏறினதும் படகை நிறுத்த நங்கூரத்தைத் தொட்டார். 99 ரூபாய்க்குத் தங்க வலைன்னு பெட்டி திறந்துச்சு. "நடுக்கடல்ல எவன்டா கடை போட்டான்?"னு போனை மடியில கவுத்து வெச்சுட்டார்.

ஐஸ் கம்பெனி பின்னாடி | 26.04.2025, இரவு 7.40

அந்தப் பெரியவர் எங்கப்பா. வீட்டுக்கு வந்தும் சொல்லிட்டு இருந்தார். அவர் இன்னொண்ணு சொன்னதை நீங்க எழுதல. மினிமேப்ல பாறைக்குச் சிவப்புப் புள்ளி, மீன் கூட்டத்துக்குப் பச்சைப் புள்ளி. அப்பா சிவப்பைப் பாத்ததும் வேற படகு குறுக்க வருதுன்னு நெனச்சு வழி விட்டாராம். படகுக்கு இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ராத்திரி நம்ம வலது கைப் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு குறுக்க வந்தா, அது தன்னோட இடப்பக்கத்தைக் காட்டிக்கிட்டுப் போகுதுன்னு அர்த்தம், வழி விட வேண்டியது நாம. கரையில இருக்கறவங்களுக்குச் சிவப்புன்னா ஆபத்து. அப்பாவுக்குச் சிவப்புன்னா இன்னொரு ஆளு.

கல்மண்டபம் | 26.04.2025, இரவு 8.02

எழுதல, ஏன்னா எனக்குப் புரியல. "வழி விட்டேன்"னு சொன்னார், எதுக்குன்னு கேக்காம நோட்டுல "குழப்பம்"னு எழுதி வெச்சேன். குழப்பம் எனக்குத்தான்.

ராயபுரம், நிறத்தை மாத்தாதே, வடிவத்தை மாத்து. பாறை முக்கோணம், கூட்டம் மீன் வடிவம். கரை ஆளும் படிப்பான், கடல் ஆளும் படிப்பார். சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாத கண்ணு உள்ளவங்களும் நிறைய ஆம்பளைங்க இருக்காங்க, அவங்களும் படிப்பாங்க.

ராயபுரம் ரெண்டு பேர் | 27.04.2025, காலை 11.00

எல்லாப் படத்தையும் எடுத்துட்டு வார்த்தை போட்டுடலாமா? எரிபொருள், பனிக்கட்டி, துறைமுகக் கடை...

கல்மண்டபம் | 27.04.2025, காலை 11.20

எரிபொருள்னு யாரு சொல்றா? டீசல்னு போடு, ஐஸ்னு போடு. சின்ன வார்த்தை, இடமும் கம்மி. எல்லாத்துக்கும் வேணாம். எதைத் தப்பாப் படிச்சா படகு நிக்குமோ அதுக்கு மட்டும் படமும் வார்த்தையும் சேர்த்து. செட்டிங்ஸ் பல்சக்கரத்தை எட்டு பேரும் சரியாச் சொன்னாங்க, அதைத் தொடாதே.

தமிழ் எழுத்து சின்னதானா சுழி எல்லாம் அடைச்சுக்கும். இங்கிலீஷுக்கு வெச்ச அதே சைஸ்ல வெச்சா ணகரமும் னகரமும் ஒரே கறைதான்.

ராயபுரம் ரெண்டு பேர் | 28.04.2025, இரவு 1.15

டீசல், ஐஸ் ஓகே. "நேரம்" மட்டும் உடையுது. கொம்பு ந-வுக்கு அப்புறம் வந்து நிக்குது. எழுத்து காட்டறதுக்கு யூனிட்டியோட டெக்ஸ்ட்மெஷ் ப்ரோதான் வெச்சிருக்கோம்.

மணலி புதுநகர் | 28.04.2025, காலை 7.30

இது எனக்குத் தெரியும், இதுலயாவது நான் சரி. அது எழுத்தை வந்த வரிசையில அடுக்கும். தமிழ்ல ஏகாரக் கொம்பு கோடிங்ல மெய்க்குப் பின்னாடி, கண்ணுக்கு முன்னாடி. அதை மாத்தி அடுக்கற வேலையை அது செய்யறதில்ல. மொத்தமா நாலஞ்சு வார்த்தைதானே, படமா எடுத்து ஒட்டிடுங்க.

கல்மண்டபம் | 28.04.2025, காலை 7.44

சரிதான். நேரத்துக்கு வார்த்தையே வேணாம்னும் தோணுது, 04:10னு ஓடற நம்பரைப் பாத்து யாரும் ஐஸ்னு சொல்லல.

நாலுவிரல் | 02.05.2025, இரவு 12.30

முழுசாப் படிச்சேன். கட்டைவிரல் கட்டைவிரல்னு பேசறீங்களே, நாங்க ஆட்காட்டி விரலையும் மேல வெச்சு நண்டுப்பிடியில ஆடுறோம். பிஜிஎம்ஐ ஆடற பசங்க பாதிப் பேர் இப்படித்தான். இடது மேல் மூலையில டீசலை வெச்சீங்கன்னா எனக்கு அது ஆட்காட்டி விரலுக்கு அடியில. ஒரே வழி, எல்லா ஐட்டத்தையும் ஆடுறவனே நகர்த்திக்கட்டும். பெரிய கேம் எல்லாத்துலயும் அது இருக்கு.

கல்மண்டபம் | 02.05.2025, காலை 7.05

உங்க கைக்கு உண்மை. உங்க முடிவுக்குப் பாதி உண்மை. நகர்த்தற வசதி நகர்த்தத் தெரிஞ்சவனுக்கு. முதல் தடவை ஆடறவன் செட்டிங்ஸ் திறக்கறதுக்குள்ள அவன் படகு நின்னுடும், கேமை அழிச்சுடுவான். ஆரம்ப இடம் சரியா இருக்கணும், நகர்த்தறது அதுக்கு மேல.

ஆனா மேல் மூலையும் பத்திரம் இல்லன்னு நீங்க சொன்னது என்னை உறுத்துது. தாளை எடுத்துப் பாத்தேன். நாலு மூலையும் போனா மிச்சம் இருக்கறது மேல் நடு, கீழ் நடு. கீழ் நடுவுல படகோட மூக்கு. மேல் நடுவுல அடிவானம், அங்கதான் புயல் மேகம் வரும். எங்க வெச்சாலும் ஒண்ணை மறைக்கும்.

நாலுவிரல் | 02.05.2025, காலை 10.15

படகு கேமுக்கு நண்டுப்பிடி எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்ல. கேட்டிருந்தா என்கிட்ட பதில் இல்ல. பழக்கம்.

கல்மண்டபம் | 09.05.2025, இரவு 8.50

மெட்ரோவுல விம்கோ நகர் வரைக்கும் ஆடிக்கிட்டே போனேன். தண்டையார்பேட்டை வரைக்கும் சுரங்கம், எல்லாம் அழகாத் தெரிஞ்சுது. அதைத் தாண்டி ரயில் மேல ஏறினதும் ஜன்னல் வெயில் திரையில அடிச்சுது, வெளிர்நீலக் கடல் மேல வெள்ளை நம்பர் அத்தனையும் காணாமப் போச்சு. எழுத்தைச் சுத்தி ஒரு கருங்கோடு போட்டாப் போதும். ரெண்டு ரூபாய் வேலை. இதைக் கண்டுபிடிக்க ஏசி ரூம்ல ஆறு மாசம் ஆகும்.

எதிர் சீட்டுல ஒரு பொண்ணு இடது கையால மட்டும் போனைப் பிடிச்சு, வலது கையில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ கேம் ஆடிட்டு இருந்துச்சு. என் ஷீட்டுல அந்தக் கை இல்ல.

ராயபுரம் ரெண்டு பேர் | 18.05.2025, மாலை 5.00

இப்ப நிலவரம்: டீசல் மேல இடது, மூலையிலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி, வார்த்தையோட. நங்கூரம் போச்சு. எட்டு புது ஆள், மூணு பேருக்கு டீசல் தீர்ந்துச்சு. மூணு பேர்கிட்டயும் திரையை மூடிக் கேட்டோம். ரெண்டு பேர் "கால்வாசி இருந்துச்சு"ன்னு சரியாவே சொல்றாங்க. பாத்திருக்காங்க, டீசல்னும் புரிஞ்சிருக்கு. அப்பவும் திரும்பல. ஏன் அக்கா?

கல்மண்டபம் | 18.05.2025, மாலை 5.30

மூணாவது கோளாறு வந்தாச்சுன்னு எழுத வந்தேன். எழுதிட்டு அழிச்சேன். கண்ணு போகலன்னா அளவு சரியாச் சொல்லியிருக்க மாட்டாங்க. இது நான் போட்ட மூணுக்குள்ள வரல. யோசிக்கணும்.

ஐஸ் கம்பெனி பின்னாடி | 18.05.2025, இரவு 9.10

அப்பாகிட்ட கேட்டேன், நீங்க கடல்ல டீசல் எப்படிப் பாப்பீங்கன்னு. சிரிச்சார். "கால்வாசி இருக்கா அரைவாசி இருக்கான்னு எவன் பாப்பான்? இங்கேர்ந்து கரைக்கு எத்தினி கேன்னு கணக்கு வெப்போம். மிச்சம் அதுக்குக் கிட்ட வந்தா வலையைச் சுருட்டு." அவ்ளோதான் சொன்னார்.

கல்மண்டபம் | 18.05.2025, இரவு 9.55

ஒன்பது வருஷம் வேலை பாத்தேன்னு மேல எழுதியிருக்கேன், அந்த வரியை யாரும் படிக்காதீங்க.

ராயபுரம், உன் பட்டை கால்வாசின்னு சொல்லுது. கரை பக்கத்துல இருந்தா கால்வாசி தாராளம், தூரமா இருந்தா சாவு. ரெண்டுக்கும் பட்டை ஒரே மாதிரி நிக்குது. வலையை இழுத்துக்கிட்டே, மினிமேப்ல தூரத்தைப் பாத்து, மனசுல கணக்குப் போடுன்னு ஆடறவனைக் கேக்கறோம். கூட்டம் ஜாஸ்தின்னு நீ முதல் நாள் சொன்னது இப்பதான் எனக்கு வேற மாதிரிப் புரியுது. ஐட்டம் 14ங்கறது சுமை இல்ல, ரெண்டு ஐட்டத்தைச் சேர்த்து மூணாவதைக் கண்டுபிடிக்கச் சொன்னது சுமை.

பட்டையில ஒரு கோடு போடு. இப்ப நிக்கற இடத்துலேர்ந்து கரைக்குப் போக எவ்ளோ வேணுமோ அந்த இடத்துல. உன் கேம்ல முழு டேங்க் 100, முழு வேகத்துல செகண்டுக்கு ஒண்ணு தீருதுன்னு சொன்னே. கரைக்கு 40 செகண்டு தூரத்துல இருந்தா கோடு 40ல நிக்கும். எதிர்க்காத்து, பாறை சுத்தறதுக்குன்னு 15 சேர்த்து 55ல வை. தூரம் போகப் போகக் கோடு ஏறும், டீசல் இறங்கும். ரெண்டும் தொடற இடம்தான் திரும்பற இடம். அப்ப மட்டும் பட்டை ஒரு தடவை துடிக்கட்டும், போன் ஒரு தடவை அதிரட்டும், இன்ஜின் சத்தம் கொஞ்சம் கரகரக்கட்டும். சத்தத்துக்குத் திரையில இடம் வேணாம். ஆனா பஸ்ல எல்லாரும் சத்தத்தை மூடிட்டுத்தான் ஆடறாங்க, அதனால அதை மட்டும் நம்பாதே.

நாலுவிரல் | 19.05.2025, இரவு 12.05

அப்ப கேமே போச்சே. எப்பத் திரும்பணும்னு கேமே சொல்லிட்டா நான் எதுக்கு? ரிஸ்க் எடுக்கறதுதான் மஜா.

கல்மண்டபம் | 19.05.2025, காலை 6.50

இது நியாயமான சண்டை. கோடு தெரிஞ்சும் இன்னொரு வலை போடலாம்னு துணியறது ரிஸ்க். தெரியாம மாட்டறது ரிஸ்க் இல்ல, கடுப்பு. அப்படின்னுதான் நெனக்கறேன். ஆனா கோட்டைப் பாத்தே எல்லாரும் ஆடினா கடலையே பாக்க மாட்டாங்களோன்னும் இருக்கு. அந்த 15ஐ வேணா ஒவ்வொரு லெவலுக்கும் குறைச்சுக்கிட்டே போகலாம்.

ராயபுரம் ரெண்டு பேர் | 01.06.2025, இரவு 10.30

கோடு போட்டாச்சு. எட்டுல ஒருத்தருக்கு மட்டும் தீர்ந்துச்சு, அவரும் "தெரிஞ்சுதான் போனேன், பெரிய கூட்டம் மாட்டுச்சு"ன்னார். நாலுவிரல் அண்ணன் கேட்ட ஆள் அவர்தான்.

கடையும் தினசரி பரிசும் லெவலும் காசும் கடல்ல தெரியாது, கரைக்கு வந்தாத்தான். காம்பஸை மினிமேப்போட சேர்த்தாச்சு. 14 இப்ப 9. கடையை மறைச்சதுக்கு என் ஃப்ரெண்டு சண்டை போட்டுட்டு இருக்கான், காசு வர்ற பட்டனை எவனாவது மறைப்பானாங்கறான்.

கல்மண்டபம் | 01.06.2025, இரவு 10.44

அவன் கேக்கறதும் தப்பில்ல, நாளைக்கு வாடகை யார் குடுக்கறது. கரைக்கு வந்து மீனை வித்த அந்த நிமிஷம் கையில காசு இருக்கும், கடையை அங்க திறந்து பாருங்க. வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

ஐஸ் கம்பெனி பின்னாடி | 13.06.2025, இரவு 8.20

நாளைக்கு ராத்திரியோட தடைக்காலம் முடியுது. அப்பா ஐஸ் ஏத்தப் போய்ட்டார். இனிமே டெஸ்ட்டுக்கு ஆள் கிடைக்காது. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடினார். கோடெல்லாம் நல்லா இருக்காம். வலை பட்டன்தான் கைக்கு வரலையாம்.

கல்மண்டபம் | 13.06.2025, இரவு 8.31

ஏன் வரல? எந்தக் கை?

ஐஸ் கம்பெனி பின்னாடி | 13.06.2025, இரவு 8.36

இடது கைக்காரர். கயிறும் அதுலதான் இழுப்பார்.

கல்மண்டபம் | 13.06.2025, இரவு 8.40

என் 16 பேர்ல இடது கைக்காரர் யாருன்னு நான் குறிச்சுக்கவே இல்ல. ராயபுரம், ஜாய்ஸ்டிக்கையும் வலை பட்டனையும் இடம் மாத்தற ஒரு பட்டன் போடு. டீசல் பட்டையும் கூட நகரணுமான்னு இப்பச் சொல்லத் தெரியல. ஓஹெச்பி ஷீட் இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு, அவர் கரைக்கு வந்ததும் வரைஞ்சு பாக்கறேன்.